தரம் 6இல் போடும் எச்.பி.வி. ஊசி: உள்ளே இருப்பது என்ன, ஏன் அந்த வயதில்?

தரம் 6 பெண்பிள்ளைகளின் கையில் ஒரு படிவம் கொடுத்தனுப்புவார்கள். "எச்.பி.வி. தடுப்பூசி போட இருக்கிறோம், சம்மதமா?" என்று கேட்டிருக்கும். அன்று பின்னேரம் கடைவாசலிலும் பஸ் நிலையத்திலும் இதுதான் கதை. ஒருவர் "புற்றுநோய் ஊசியாம்" என்பார். இன்னொருவர் "கர்ப்பப்பை ஊசி, பிறகு பிள்ளை தங்காது" என்பார். வேறொருவர் "பத்து வயசுப் பிள்ளைக்கு ஏன் இப்ப அவசரம், கலியாணம் கட்டும்போது போட்டால் போச்சு" என்பார். மூன்றுமே பிழை. ஆனாலும் மூன்றுக்குள்ளும் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கான விடையை அடியிலிருந்து பார்ப்போம்.

இலங்கையில் இந்த ஊசி 2017இல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தரம் 6 மாணவிகளுக்கு, அதாவது 10 அல்லது 11 வயதில், பாடசாலையிலேயே இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். முதல் ஊசிக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி என்பது அப்போது வகுத்த முறை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலும் இதே திட்டந்தான். அந்தந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து குழு பாடசாலைக்கு வரும்.

## எந்தப் புற்றுநோய், எங்கே வருகிறது?

கருப்பையைக் கவிழ்த்துப் பிடித்த ஒரு சிறு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தின் கழுத்துப் பகுதி கீழே யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கருப்பைக் கழுத்து. பிள்ளைப்பேற்றின்போது விரிந்து கொடுப்பது இதுவே. நாம் பேசும் புற்றுநோய் குடத்தின் வயிற்றில் வருவதல்ல, இந்தக் கழுத்தில் வருவது.

கழுத்தின் வெளிப்பக்கத்தைத் தடிப்பான, பல அடுக்குள்ள தோல் மூடியிருக்கிறது. உட்பக்கத்தில் இருப்பது ஒற்றை அடுக்கான மெல்லிய தோல். இரண்டும் சந்திக்கும் எல்லையில், பூப்படையும் காலத்திலிருந்து, மெல்லிய தோல் மெல்ல மெல்லத் தடித்த தோலாக மாறிக்கொண்டே இருக்கும். புதிதாக வளரும் இந்த எல்லைதான் பலவீனமான இடம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொடக்கி வைப்பது ஒரு வைரசு. அதன் பெயர் ஹியூமன் பப்பிலோமா வைரசு, சுருக்கமாக எச்.பி.வி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டிகளில் இந்த வைரசின் 16ஆம், 18ஆம் வகைகள் இருப்பதை 1980களில் காட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எச்.பி.வி.யில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் பாலுண்ணி வரச் செய்பவையும் அவற்றில் சில, அவற்றால் புற்றுநோய் வருவதில்லை. புற்றுநோயோடு தொடர்புள்ளவை ஒரு டசினை ஒட்டியவைதான். அவற்றுள்ளும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலகின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம்.

ஆகவே "புற்றுநோய் ஊசி" என்பது சரியான பெயரல்ல. இந்த ஊசி புற்றுநோயைத் தொடுவதேயில்லை. புற்றுநோய்க்கு வழிவிடும் வைரசு உள்ளே நுழையாமல் பார்ப்பது மட்டுந்தான் அதன் வேலை.

## வைரசு என்ன செய்கிறது?

எச்.பி.வி. உடலுறவின்போதும் அந்தரங்க உறுப்புகளின் தோலோடு தோல் படும்போதும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. இதில் நடத்தை பற்றிய தீர்ப்பு எதுவுமில்லை. குடும்ப வாழ்க்கைக்குள் வந்த பெரும்பாலான ஆண்களும் பெண்களும் வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரசைக் காண்கிறார்கள். ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரலாம்.

மேல்தோல் உறுதியாக இருந்தால் வைரசு ஒன்றும் செய்ய இயலாது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாகத் தோலின் அடி அடுக்கைத் தொட்டால்தான் அதற்கு வாழ்வு. அந்த அடுக்கிலுள்ள கலங்களே தொடர்ந்து பிரிந்து மேலுள்ள தோலை உண்டாக்குகின்றன. வைரசு அங்கே ஒரு கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலம் மேலே வரும்போது தானும் சேர்ந்து பெருகி மேற்பரப்பில் உதிர்கிறது. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, புண் இல்லை. இரத்தத்துக்குள்ளும் அது போவதில்லை. அதனால் உடலின் காவல் அதைக் கவனிக்கவே நாளெடுக்கிறது.

இருந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் உடலே அதைத் துடைத்துவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மிஞ்சிய சிலருக்கு அது தங்கிவிடுகிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஒவ்வொரு கலத்திலும் அளவுக்கு மிஞ்சிப் பிரியாமல் பிடித்து நிறுத்தும் பிரேக்குகள் உண்டு. தங்கிவிட்ட வைரசு உண்டாக்கும் இரண்டு புரதங்கள் அந்தப் பிரேக்குகளில் முக்கியமான இரண்டைச் செயலிழக்கச் செய்கின்றன. ஒன்று, பழுதான கலத்தை நிறுத்தித் திருத்தவோ அழிக்கவோ சொல்லும் பிரேக். மற்றது, பிரிவைத் தொடங்க விடாமல் பிடித்திருக்கும் பிரேக். இரண்டும் போன உழவு இயந்திரம் இறக்கத்தில் ஓடுவதுபோல, அந்தக் கலங்கள் பிழைகளோடு பிரிந்துகொண்டே போகின்றன. முதலில் தோலின் கீழ்ப் பகுதியில் மட்டும் மாறிய கலங்கள் தெரியும். பிறகு முழுத் தடிப்புக்கும் பரவும். இந்தக் கட்டத்துக்குப் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் என்று பெயர். அதன்பின் ஒருநாள் எல்லையைத் தாண்டி ஆழத்துக்கு இறங்கினால் அது புற்றுநோய்.

இந்த ஓட்டம் வேகமானதல்ல. வைரசு தொற்றியதிலிருந்து புற்றுநோய் வரை வழமையாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வந்துவிடக் கூடும்.

சுருக்கமாக: தொற்றுவது மிகச் சாதாரணம், தங்குவது அரிது, தங்கியது புற்றுநோயாக மாறுவது அதைவிட அரிதும் நீண்டதும். ஊசி இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுக்கிறது. பின்னால் சொல்லப்போகும் பப் பரிசோதனை நடுக்கண்ணியைப் பிடிக்கிறது.

## ஊசிக்குள் இருப்பது சப்பி நெல்

சூடடித்துத் தூற்றும்போது காற்றோடு பறக்கும் சப்பி நெல்லை எடுத்துப் பாருங்கள். உமி அசல் நெல்லின் உமிதான். நிறம், கூர், வரி எல்லாம் அதேபோல் இருக்கும். ஆனால் உள்ளே அரிசி இல்லை. எந்த மண்ணில் விதைத்து எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் அது முளைக்காது.

எச்.பி.வி. தடுப்பூசியில் இருப்பதும் இப்படி ஒரு சப்பிதான். வைரசின் வெளி ஓடு ஒரே புரதத்தின் 360 பிரதிகளால் ஆனது. அந்தப் புரதத்தை மட்டும் மதுவக் கலங்களுக்குள், அதாவது பாண் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் இனத்துக் கலங்களுக்குள், உண்டாக்குகிறார்கள். அந்தப் புரதத் துண்டுகளுக்கு ஒரு வியப்பான இயல்பு உண்டு. யாரும் கோக்காமலே தாமாகச் சேர்ந்து உருண்டையான ஓடாகிவிடும். அச்சு அசலாக வைரசு மாதிரியே இருக்கும். உள்ளே மரபணு இல்லாததால் பெருகாது, தொற்றாது, பிரேக்கைக் கெடுக்கும் அந்த இரண்டு புரதங்களையும் உண்டாக்காது. "ஊசியாலேயே வைரசு வந்துவிடுமோ" என்ற பயத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

இந்த ஓடுகளை மேற்கைத் தசைக்குள் போடும்போது நோயெதிர்ப்புக் கலங்கள் அவற்றை நேருக்கு நேர் காண்கின்றன. தோல் அடுக்கில் பதுங்கிவரும் உண்மையான வைரசை உடல் அரைகுறையாகத்தான் கவனிக்கிறது என்று பார்த்தோம். தசைக்குள் வந்த ஓடு அப்படித் தப்ப முடியாது. அதனால்தான் இயற்கையாகத் தொற்றி மீண்டவரின் உடலில் இருப்பதைவிடப் பல மடங்கு எதிர்ப்புப் புரதம் ஊசி போட்டவரின் உடலில் உருவாகிறது. எதிர்ப்புப் புரதம் என்பது ஒரு குறிப்பிட்ட கிருமியின் மேற்பரப்பில் மட்டும் பூட்டுப்போல் பொருந்தி அதைச் செயலிழக்கச் செய்யும் பொருள். இது இரத்தத்திலிருந்து கருப்பைக் கழுத்தின் மேற்பரப்புக்கும் கசிகிறது. கீறல் விழுந்த இடத்தில் இன்னும் கூடுதலாக ஊறுகிறது. ஆகவே வைரசு எந்தக் கீறலைத் தேடி வருகிறதோ அங்கேயே காவலும் நிற்கிறது. ஓட்டின்மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டிவிட்டால் வைரசு கலத்தைப் பற்றமுடியாது.

இந்த விளக்கத்துக்குள்ளேயே ஊசியின் எல்லையும் இருக்கிறது. எதிர்ப்புப் புரதம் கலத்துக்கு வெளியேதான் நிற்கும். கலத்துக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரசை அது தொடாது. மாடு வயலுக்குள் இறங்கிய பிறகு வேலியடைத்தால் வேலியில் குறையொன்றுமில்லை, அந்த மாடு மட்டும் உள்ளேதான் நிற்கும்.

## அப்படியானால் ஏன் தரம் 6?

முதற் காரணம் மேலே சொன்ன வேலிதான். வைரசு வருவதற்கு வாய்ப்பே இல்லாத வயதில் போட்டால்தான் பயன் முழுமை. பத்து வயதில் கலியாணத்தைப் பற்றி நினைக்கவில்லை என்பதுதான் பத்து வயதைத் தெரிந்தெடுத்ததன் நியாயம்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் நோயெதிர்ப்பு இந்த ஊசிக்குக் காட்டும் எதிர்வினை வளர்ந்தவர்களுடையதைவிட வலுவானது. இந்த வயதில் இரண்டு ஊசி போட்டவர்களிடம் உருவான எதிர்ப்புப் புரதம், 16 வயதுக்கு மேல் மூன்று ஊசி போட்டவர்களிடம் உருவானதற்குக் குறையவில்லை. பிந்தப் பிந்த அதே பயனுக்கு அதிக ஊசி தேவைப்படும்.

வயது எவ்வளவு முக்கியம் என்பதை இங்கிலாந்தின் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 2008இல் ஊசித் திட்டம் தொடங்கியது. 2021இல் வெளியான ஆய்வில், ஊசி போடாத தலைமுறையோடு ஒப்பிட்டால், 12-13 வயதில் ஊசி கிடைத்த தலைமுறையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14-16 வயதில் கிடைத்தவர்களில் 62 சதவீதம். 16-18 வயதில் கிடைத்தவர்களில் 34 சதவீதம். ஊசி ஒன்றுதான், நாடு ஒன்றுதான், முக்கியமாக மாறியது வயது. நாலைந்து ஆண்டுத் தாமதத்தில் பயன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. "பிறகு போடலாம்" என்று சொல்லும் பெற்றோருக்கு நான் காட்ட விரும்புவது இந்த மூன்று எண்களைத்தான்.

இன்னொரு தயக்கமும் உண்டு. "உடலுறவால் வரும் கிருமிக்குச் சின்னப் பிள்ளைக்கு ஊசி போட்டால் அது பிள்ளையைத் தவறான வழியில் நினைக்க வைக்காதா?" பிறந்து இரண்டு மாதத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி போடுகிறோம். அதில் ஒன்று ஹெப்பற்றைற்றிஸ் பி. அதுவும் உடலுறவால் பரவக்கூடிய கிருமிதான். அந்த ஊசியைப் பற்றி எந்தத் தாயும் இப்படிக் கேட்டதில்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான்: பெரியவளானபின் வரக்கூடிய ஒரு நோய்க்கு இப்போதே காவல்.

## பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா?

பாதிக்காது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. வன்னியில் இந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில், சரியாக விளக்காமலும் சம்மதம் கேட்காமலும் பெண்களுக்குக் கருத்தடை முறைகள் செய்யப்பட்டதாக எழுந்த முறைப்பாடுகளை ஊர் மறக்கவில்லை. அதன்பின் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு ஊசி என்றால் தாய்க்கு நெஞ்சு திடுக்கிடுவது இயல்பு. அப்படிக் கேட்கும் தாயை அறிவில்லாதவர் என்று தள்ளுவது பிழை. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுவதுதான் மரியாதை.

இலங்கைத் திட்டம் தொடங்கியது 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளுக்கான ஊசியோடு. ஒரு தடவைக்கு அரை மில்லிலீற்றர். அதில் நான்கு வகை வைரசுகளின் ஓட்டுப் புரதமும் சேர்த்து 120 மைக்ரோகிராம். எதிர்வினையைத் தூண்ட அலுமினிய உப்பு, அலுமினியக் கணக்கில் 225 மைக்ரோகிராம். அத்தோடு உப்பு, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், போரேற்று உப்பு, பொலிசோபேற் 80 என்ற கலவைப்பொருள், தண்ணீர். ஹோர்மோன் எதுவுமில்லை. கருத்தடை ஊசிகளும் கைக்குள் வைக்கும் குச்சிகளும் வேலை செய்வது ஹோர்மோனால். அது இதில் இல்லை. பொலிசோபேற் 80 என்பதைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் மலட்டுத்தன்மைக் கதை சுற்றுகிறது. அது ஐஸ்கிறீமிலும் சேர்க்கப்படும் பொருள். ஊசியில் உள்ளது அதில் மிகச் சிறு துளி.

உண்மையில் பிள்ளைப்பேற்றைக் கெடுப்பது இந்த ஊசி தடுக்கும் நோய்தான். புற்றுநோய் முற்றினால் கருப்பையையே எடுக்க நேரும், அல்லது கதிர்ச் சிகிச்சையால் சூலகம் செயலிழக்கும். முந்திய மாற்றம் என்ற கட்டத்தில் கண்டுபிடித்தாலும் கழுத்திலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுக்க நேரலாம். அப்படி வெட்டிய சிலருக்குப் பின்னர் குறைமாதப் பிரசவம் ஆவதுண்டு.

## ஊசி போடும் நாள்

படிவத்தை வாசித்து, பிள்ளைக்கு முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்ததா, ஈஸ்டுக்கு ஒவ்வாமை உண்டா என்பதை எழுதுங்கள். இந்த இரண்டும் உண்மையில் ஊசியைத் தடுக்கக்கூடிய காரணங்கள். தடிமன், இலேசான இருமல், மாதவிடாய் ஆகியவை காரணங்களல்ல. கடும் காய்ச்சலென்றால் மட்டும் இன்னொரு நாளுக்குத் தள்ள வேண்டும்.

காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். இந்த வயதில் ஊசியால் நேரும் அசம்பாவிதங்களில் அதிகம் காண்பது மயங்கி விழுவது. அது மருந்தால் வருவதல்ல, பயத்தால் வருவது. வெறும் வயிறும் வெயிலில் வரிசையில் நிற்பதும் அதைக் கூட்டும். முன்னால் ஒரு பிள்ளை விழுந்தால் பின்னால் நிற்கும் நாலு பிள்ளைகளுக்கும் தலை சுற்றும். ஆகவே இருத்தி வைத்துப் போடுவதும், போட்டபின் 15 நிமிடம் அங்கேயே இருக்க வைப்பதும் முறை. அந்த 15 நிமிடம் மயக்கத்துக்கு மட்டுமல்ல, மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமையைக் கண்டு உடனே மருந்து கொடுப்பதற்கும். மயக்கம் வந்தால் பிள்ளையைக் கிடத்தி, கால்களைச் சற்று உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளியும்.

அன்றிரவு கை நோகும், போட்ட இடம் சற்றுச் சிவந்து வீங்கலாம், தலையிடியோ இலேசான காய்ச்சலோ வரலாம். ஓரிரு நாளில் தீரும். எடைக்கேற்ற அளவு பரசிற்றமோல் போதும்.

ஊசியின் பக்கத்திலிருந்தும் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். வன்னி வெயிலைப் பார்த்து எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுவார்கள். இந்த மருந்துக்கு உறைதல்தான் பெரிய எதிரி. உறைந்தால் அலுமினிய உப்பு திரண்டுவிடும், மருந்து வலுவிழக்கும், பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் குளிர்ப்பெட்டிக்குள் பனிக்கட்டிப் பொதிகளை எடுத்த உடனே வைப்பதில்லை. சற்று வெளியே வைத்து, உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பார்கள்.

தரம் 7இல் ஏற்பு, தொண்டைக்கரப்பான் நோய்களுக்கான ஊசி ஒன்று உண்டு. "பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டாச்சு" என்று பிள்ளை சொல்வது எது என்பதைப் பல வீடுகளில் மாறி விளங்கிக்கொள்கிறார்கள். பதிவில் எச்.பி.வி. என்ற எழுத்தும் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊசி மாறிப்போவதில்லை, பதிவுதான் தொலைகிறது.

## ஒரு வீட்டில் நால்வர்

இனி ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்து, யாருக்கு என்ன என்று பார்ப்போம். முத்தையன்கட்டுப் பக்கத்தில் இருந்து பரந்தனுக்கு வீடு மாறிய குடும்பம். தாய்க்கு 45 வயது, மூத்த மகளுக்கு 22, இளைய மகளுக்கு 11, மகனுக்கு 9.

இளைய மகள் பெப்ரவரி 10ஆம் திகதி பழைய பாடசாலையில் முதல் ஊசி போட்டாள். இரண்டாவது ஓகஸ்ட் 10ஐ ஒட்டி வர வேண்டும். யூலையில் வீடு மாறினார்கள். புதிய பாடசாலையில் ஊசி போட்ட நாளில் அவளுக்குக் கடும் காய்ச்சல். இப்போது நவம்பர். "ஆறு மாதம் தாண்டிவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?" என்று தாய் கேட்கிறார். தேவையில்லை. இடைவெளி கூடியதால் முதல் ஊசி வீணாகாது, நின்ற இடத்திலிருந்து தொடரலாம். கிளிநொச்சி மாவட்டத்தில் தாம் இருக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் பதிவோடு போனால் போதும். பிழையாவது எதிர்ப்பக்கத்தில்தான்: இரண்டாவது ஊசியை ஐந்து மாதத்துக்கு முன்னதாகப் போட்டால் எதிர்ப்பு போதியளவு முதிராது, மூன்றாவது ஒன்று தேவைப்படும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில், 9 முதல் 20 வயது வரை ஒரு ஊசியும் ஏற்கத்தக்கது என்று அறிவித்தது. கென்யாவில் நடந்த ஆய்வு உட்படப் பல ஆய்வுகளில் ஒற்றை ஊசியே வலுவாகக் காத்தது. ஆகவே ஒரு ஊசியோடு நின்றுபோன பிள்ளை காவலின்றி நிற்கிறாள் என்று பதற வேண்டாம். அதேவேளை, பாடசாலைப் பதிவில் இரண்டு என்றிருந்தால் இரண்டையும் போடுங்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கும், எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் ஒன்று போதாது. குறைந்தது இரண்டு, இயலுமானால் மூன்று.

மூத்த மகள் தரம் 6ஐத் தாண்டியபோது திட்டம் தொடங்கியிருக்கவில்லை. அவளுக்கு ஊசி கூடாது என்றில்லை. ஆனால் பாடசாலைத் திட்டத்துக்குள் அவள் வரமாட்டாள், பணம் கொடுத்துத் தனியாரிடம் போட வேண்டியிருக்கும். 15 வயதுக்குப் பின் தொடங்குவோருக்கு மருந்துக் குறிப்பு சொல்வது மூன்று ஊசி: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். 21 வயதுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. எதைப் பின்பற்றுவது என்பதை வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம். அவள் இன்னும் குடும்ப வாழ்க்கைக்குள் போகவில்லை என்றால் பயன் பெரிது. கலியாணம் ஆகியிருந்தால் குறையும், ஆனால் பூச்சியமாகாது, ஏனெனில் எல்லா வகைகளும் ஏற்கெனவே தொற்றியிருப்பது அரிது. கர்ப்பமாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை தள்ளிப்போட வேண்டும். தெரியாமல் போட்டிருந்தால் அதனால் கருவைக் கலைக்கத் தேவையில்லை. பால் கொடுக்கும் தாய் போடலாம்.

மகனுக்கும் எச்.பி.வி. வரும். தொண்டை, குதம், ஆண்குறி ஆகியவற்றின் சில புற்றுநோய்களுக்கு அதுவே காரணம். சில நாடுகள் ஆண்பிள்ளைகளுக்கும் போடுகின்றன. இலங்கைத் திட்டம் பெண்பிள்ளைகளுக்கானது. பெண்பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குப் போட்டுவிட்டால் வைரசு சுற்றும் வழி குறைந்து ஆண்களுக்கும் அதன் நிழல் கிடைக்கும். கையில் உள்ள பணத்தில் ஒருவருக்குத்தான் போடலாம் என்றால், என் எண்ணத்தில் அது மூத்த மகளுக்கே.

தாய்க்கு ஊசி அல்ல, பப் பரிசோதனைதான் தேவை. 45 வயதில் அவரது கருப்பைக் கழுத்தில் என்ன நடந்திருக்கிறதோ அதை ஊசி மாற்றாது, பார்த்தால்தான் தெரியும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை இதற்கு அழைக்கிறார்கள். அவர் 35இல் போகாமல் விட்டிருந்தாலும் இப்போது போகலாம். ஊசி போட்ட இளைய மகளும் 35 வயதில் அங்கே போக வேண்டும், ஏனெனில் 16, 18 அல்லாத வகைகளால் வரும் மிச்சம் 30 சதவீதத்துக்கு இந்த ஊசியில் முழுக் காவல் இல்லை.

பரிசோதனைக்கு மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய இரண்டு நாட்களில் உடலுறவையும் யோனிக்குள் வைக்கும் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். படுக்கையில் கிடத்தி, ஒரு சிறு கருவியால் யோனியை விரித்து, மரத்தட்டையாலோ தூரிகையாலோ கழுத்தின் அந்த எல்லையை மெல்ல வழித்துக் கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள். சில நிமிட வேலை. கூச்சம் இருக்கும், வெட்டுவது தைப்பது இல்லை. தகட்டில் மாறிய கலங்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் புற்றுநோய்க்கு முந்திய கட்டந்தான், மேலும் பார்ப்பதற்கு வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஆனால் உடலுறவுக்குப் பின் இரத்தம் படுகிறது, மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தம் வருகிறது, நாற்றத்தோடு நீர் போகிறது என்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நேரே வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.

கிளினிக் எந்த நாளில், எங்கே நடக்கிறது என்பதை வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம். இளைய மகளின் விடுபட்ட ஊசிக்கான திகதியையும் அவரிடமே அறிந்துகொள்ளலாம்.